கீசர் வால்வுல சொட்டு, பைப்ல டக் டக் சத்தம், உதவி வேணும்

வணக்கம் மக்களே, மாடியில 25 லிட்டர் கீசர், பிரஷர் பம்ப் புதுசா போட்டதுல இருந்து கீசர் ஆன் பண்ணா சேஃப்டி வால்வு சொட்டுது, சூடு ஏறும்போது மட்டும்தான், குழாயை லேசா திறந்தா உடனே நின்னுடுது. முன்னாடி சூடாகி விரியிற தண்ணி மேல டேங்குக்கே திரும்பிப் போயிடும், இப்போ பம்புக்குப் பக்கத்துல தண்ணியைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கறதால போக வழியில்ல, 25 டிகிரில இருந்து 60க்கு போனா கிட்டத்தட்ட 350 மில்லி கூடுதே!

பிளம்பர் வால்வை அடைச்சிடலாம்ங்கறார், அது கீசர் டேங்க் வெடிக்கற ஆபத்து, நான் விடல. சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் வைக்கலாம்னு இருக்கேன், 2 லிட்டர் போதுமா, காத்து எவ்வளவு அடிக்கணும்? சுடுதண்ணி சிபிவிசி பைப்பும் கிளாம்ப் கிட்ட டக் டக்குனு சத்தம் போடுது, சூட்டுல பைப் நீளறதுக்கு இடம் இல்லாமதான்னு நினைக்கறேன், கிளாம்பை லூஸ் பண்ணா போதுமா? செஞ்சவங்க சொல்லுங்க.