எட்டு சார்ஜர், ஒரே ஜங்ஷன் பாக்ஸ்: 5.9 ஆம்பியர் தகராறு

நாலாவதுமாடி: வீட்ல போன் நாலு, டேப்லெட், லேப்டாப், பவர் பேங்க், வைஃபை ரவுட்டர். சார்ஜர் எல்லாம் மூலைக்கு ஒண்ணா கிடக்கு. ஹால் மேஜையில ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல எட்டையும் மாட்டி, ஆளுக்கு ஆள் பேர் எழுதி ஒட்டலாம்னு இருக்கேன். சுவர்ல 6 ஆம்பியர் சாக்கெட்தான். தாங்குமா?

பட்டறைக்காரன்: தாங்காதும்மா. ஒவ்வொரு சார்ஜர் மேலயும் இன்புட்னு ஒரு ஆம்பியர் போட்டிருக்கும். எங்க வீட்டுதை எடுத்து வச்சு கூட்டினேன். போன் நாலுக்கும் சேர்த்து 2.7, லேப்டாப் 1.7, மீதி மூணும் அரை அரையா 1.5. மொத்தம் 5.9. ஆறுக்கு 5.9 வச்சா ஒரு நாள் இல்ல ஒரு நாள் கருகும். தனியா 16 ஆம்பியர் லைன் இழுங்க. இதை இங்க "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ற ஆளுங்களை நம்பாதீங்க.

ஈரோடு வயர்மேன்: அந்த "ஆளுங்க"ல நானும் ஒருத்தன், அதனால வந்தேன். அண்ணே, அதே சார்ஜர்ல ஆம்பியருக்குப் பக்கத்துல 100-240 வோல்ட்னு இருக்கறதையும் படிச்சீங்களா? அந்த ஆம்பியர் 100 வோல்ட்ல எடுக்குற உச்சம். ஜப்பான்ல மாட்டினா அந்தக் கணக்கு. நம்ம ஊர் 230 வோல்ட், பாதிகூட எடுக்காது.

வாட்ல பாருங்க. போன் சார்ஜர் 33, 25, 25, 18 வாட்னு வச்சுக்குவோம். லேப்டாப் 65, டேப்லெட் 20, பவர் பேங்க் 18, ரவுட்டர் 12. கூட்டினா 216. சார்ஜர் சூடாகி வீணாகறதையும் சேர்த்தா 250 வாட். 230-ஆல வகுத்தா ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல. சின்ன சார்ஜர் கரண்டை சீரா இழுக்காது, விட்டு விட்டு இழுக்கும், அதனால கிளாம்ப் மீட்டர் 2 வரை காட்டலாம். அதுவும் எல்லா பேட்டரியும் காலியா இருந்து ஒரே நேரத்துல ஏறினாத்தான். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது சுமையே இல்ல.

பட்டறைக்காரன்: முதல்ல 1, அடுத்த வரியில 2. நாளைக்குக் கேட்டா 5.9-க்கு வந்துடுவீங்க. கம்பெனிக்காரன் அச்சடிச்சது பொய், நீங்க வாயால சொல்றது நிஜமா? 22 வருஷமா மோட்டார் கட்டுறேன், கருகின பிளக்கை நான் பார்த்த மாதிரி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

ஈரோடு வயர்மேன்: அச்சடிச்சது பொய்னு நான் சொல்லல, எந்த வோல்ட்டுக்கு அச்சடிச்சான்னு சொன்னேன். கருகின பிளக் நானும் பார்த்தேன். போன மாசம் ஒரு வீட்ல இதே மாதிரி செட்டப், பாக்ஸ்ல வாடை வருதுன்னு கூப்பிட்டாங்க. எட்டு சார்ஜர் மாட்டின ஓட்டை எட்டும் வெள்ளையா இருந்துச்சு. ஒன்பதாவது மட்டும் ஓரத்துல பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி பின்னைப் பிடிச்சிருந்துச்சு. அந்த வீட்டம்மா தினமும் காலையில அயர்ன் பாக்ஸை அதுலதான் மாட்டுவாங்களாம். 1000 வாட், நாலரை ஆம்பியர் பக்கம். உள்ள பித்தளைக் கிளிப் தளர்ந்து போச்சு. தளர்ந்த இடத்துல பொறி, பொறியில சூடு, சூட்டுல இன்னும் தளரும். கருகறது எண்ணிக்கையால இல்லண்ணே, பிடி விட்டுப் போறதால.

மழைத்துளி: எதுக்கு இவ்வளவு சண்டை? ஓவர்லோடு ஆனா எம்சிபி விழுந்துடும். புது வீட்ல எல்லாம் இருக்கே.

ஈரோடு வயர்மேன்: பாதி சரி தம்பி. எம்சிபி சுவருக்குள்ள போற வயருக்குக் காவல். லூஸா இருக்கிற பிளக்ல ரெண்டு ஆம்பியர் போனாலும் அந்த ஓட்டை சுடும், எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

அதுக்குக் கைதான் சோதனை. எல்லாத்தையும் மாட்டி அரை மணி நேரம் விடுங்க. சார்ஜர் உடம்பு வெதுவெதுன்னு இருக்கும், அது இயல்பு. பாக்ஸோட முகத்தை, ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்துல தொட்டுப் பாருங்க. ஒரு இடம் மட்டும் சுட்டா சுவர் சுவிட்சை அணைச்சுட்டுப் பிளக்கை உருவுங்க. பின் வழவழன்னு எந்தப் பிடியும் இல்லாம வந்தா அந்த ஓட்டை போச்சு. எந்த நாட்டுப் பின்னும் நுழையுற பெரிய ஓட்டை வச்ச மலிவான பாக்ஸ்ல இது சீக்கிரம் வரும்.

பட்டறைக்காரன்: கையால தொட்டு ஆம்பியர் பார்க்கிற வைத்தியரை இப்பத்தான் பார்க்குறேன். 5.9-க்குப் பதில் வரலயே.

திருச்சிக்காரி: நானும் ஒண்ணு கேட்டுக்குறேன் அண்ணா. எங்க மின்சார ஸ்கூட்டர் சார்ஜரையும் இந்த பாக்ஸ்லயே மாட்டலாமா? ஹால் ஜன்னல்ல இருந்து வயர் எட்டும்.

ஈரோடு வயர்மேன்: கூடவே கூடாதும்மா. அது மணிக்கணக்கா அயர்ன் பாக்ஸ் ஓடுற மாதிரி. எர்த்தோட இருக்கிற 16 ஆம்பியர் சாக்கெட்ல நேரா மாட்டுங்க, நடுவுல ஜங்ஷன் பாக்ஸே வேண்டாம்.

பட்டறைக்காரன்: பார்த்தீங்களா, கடைசியில 16 ஆம்பியர்னு நீங்களே சொல்லிட்டீங்க!

ஈரோடு வயர்மேன்: அது ஸ்கூட்டருக்கு! கேள்வி கேட்டவங்களுக்கு இல்ல. அண்ணே, இன்வெர்ட்டர் பேச்சுல நான் உங்க கணக்கைத் திருத்தினதை இன்னும் மனசுல வச்சிருக்கீங்க.

பட்டறைக்காரன்: திருத்தினீங்களா? அன்னைக்கும் நீங்க பாதியில ஓடினீங்க. ஊருக்கே தெரியும்.

நாலாவதுமாடி: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பேர் ஒட்டறதைப் பத்தி யாருமே சொல்லல. "அப்பா", "பாப்பா"ன்னு எழுதினா போதும்தானே?

பழைய ரேடியோ: போதாதும்மா. என் வீட்டுக் கதையைக் கேளுங்க. டிவி பெட்டியோட அடாப்டர் 12 வோல்ட், ரவுட்டரோடது 9 வோல்ட். ரெண்டுக்கும் உருண்டை முனை, ஒரே அளவு. வெள்ளையடிச்சப்ப எல்லாத்தையும் கழட்டி ஒரு பையில போட்டோம். திரும்ப மாட்டும்போது மாறிப் போச்சு. ரவுட்டர்ல விளக்கு ஒரு தடவை பளிச்சுன்னு வந்து அணைஞ்சது, அதோட சரி.

ஈரோடு வயர்மேன்: ஐயா சொன்னதுதான் லேபிளோட மொத்த வேலையே. போன் சார்ஜர் மாறினா போன் கெடாது. யுஎஸ்பியில முதல்ல 5 வோல்ட்தான் வரும், போன் கேட்டாத்தான் சார்ஜர் ஏத்திக் கொடுக்கும். மாறினா மெதுவா ஏறும், அவ்வளவுதான். உருண்டை முனைக்கு அந்தக் கேள்வி பதில் கிடையாது, இருக்கிறதை அப்படியே தள்ளிடும்.

அதனால ரவுட்டர் அடாப்டர்ல "ரவுட்டர் 9 வோல்ட்"னு ரெண்டு இடத்துல ஒட்டுங்க. ஒண்ணு அடாப்டர் மேல, இன்னொண்ணு உருண்டை முனைக்கு நாலு விரல் தள்ளி, வயர்ல கொடி மாதிரி. கையில முனையைப் பிடிக்கும்போதே கண்ணுல படணும். வெறும் காகிதம் சூட்டுல உரிஞ்சு வந்துடும், மேல செல்லோடேப்பைச் சுத்துங்க. மிச்ச வயரைத் தளர்வா மடிச்சு வெல்க்ரோ பட்டை போடுங்க. முனைக்குப் பக்கத்துல இறுக்கிக் கட்டினா அந்த இடத்துலதான் உள்கம்பி அறும். அழகா இருக்கும்னு மூடின மரப்பெட்டிக்குள்ள வைக்காதீங்க, சூடு போக வழி வேணும்.

மழைத்துளி: ராத்திரி முழுக்க மாட்டி விடலாமா அண்ணா?

பழைய ரேடியோ: நான் விடறதில்ல. படுக்கும்போது சுவிட்சை அணைச்சுடுவேன்.

ஈரோடு வயர்மேன்: மேஜை மேல திறந்தாப்ல இருந்தா பரவாயில்லம்பேன். தலையணைக்குக் கீழ, மெத்தை மேல மட்டும் ஆகாது. உப்பின பவர் பேங்க்கைப் பகல்லயும் மாட்டாதீங்க.

பழைய ரேடியோ: மேஜையா இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது தம்பி.

நாலாவதுமாடி: இப்பத்தான் கையை வச்சுப் பார்த்தேன். மூணாவது ஓட்டை மட்டும் சுடுது, லேப்டாப் மாட்டினது. உருவினா தானா வழுக்கி வருது. பாக்ஸையே மாத்திடறேன்.

பட்டறைக்காரன்: லேப்டாப். 1.7. நான் முதல்லயே சொன்னேன்.

ஈரோடு வயர்மேன்: 1.7-ஆல சுடல அண்ணே, லூஸா இருக்கறதால சுடுது! அதே லேப்டாப்பைப் பக்கத்து ஓட்டையில மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

பட்டறைக்காரன்: அப்ப 5.9?