மோஷன் மேட்சிங்: முனையில் திரும்பினால் கால் வழுக்குகிறது

முத்தியால்பேட்டை குணா: புதுச்சேரி வெள்ளை நகரத்தில் நடக்கும் கேம் இது. பதிவு செய்த அசைவுகளில் பொருந்தும் ஃபிரேமைத் தேடி எடுக்கும் மோஷன் மேட்சிங்கில்தான் நாயகனை நகர்த்துகிறோம். நாயகன் டூமாஸ் வீதியில் ஓடிவந்து கடற்கரைப் பக்கம் 90 டிகிரி திரும்பினால் தாமதம் தெரிகிறது. அந்தத் தேடலில் போக வேண்டிய பாதைக்குக் கொடுக்கும் டிராஜெக்டரி எடையைக் கூட்டினால் தாமதம் குறைகிறது, ஆனால் கால் வழுக்குகிறது. எந்த எடை சரி?

பிக்சல் பாபு: போஸ் எடையையும் சேர்த்துக் கூட்டுங்கள். பாதம் இருக்கும் இடத்துக்கும் அதன் வேகத்துக்கும் ஒத்துப்போகும் ஃபிரேமைத்தான் அப்போது எடுக்கும்.

மீரா: பாபு சொல்வது பாதி சரி. குணா, முதலில் எப்போது வழுக்குகிறது என்று பாருங்கள். ஒரு கிளிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்த நொடியில் மட்டும் என்றால் போஸ் எடை போதவில்லை. தாவிய பிறகும் வழுக்கிக்கொண்டே போனால் எடையைத் தொட்டுப் பயனில்லை. கேட்கும் திருப்பம் டேட்டாபேஸிலேயே இல்லை.

மனிதன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஓரிரு எட்டில் வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றித்தான் திரும்புவான். பட்டனைப் பார்த்து அடுத்த பாதையைக் கணிக்கும் உங்கள் ஸ்பிரிங் கிட்டத்தட்ட உடனே திரும்பிவிடுகிறது என்று வையுங்கள். மூன்றில் ஒரு வினாடியில் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அது கேட்கும். பதிவில் யாரும் அப்படி ஓடவில்லை. இருப்பதில் கிட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், அதனால் நாயகனின் இடத்தைக் குறிக்கும் கேப்சூல் ஒரு பக்கம் போகும், கால் வேறு பக்கம் போகும். கேட்ட பாதை, கிடைத்த கிளிப்பின் பாதை இரண்டையும் திரையில் கோடாக வரையுங்கள். முனையில் இரண்டும் பிரிந்து, எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் காஸ்ட்டும் அங்கேயே எகிறினால் இதுதான் காரணம். அப்போது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

கடலூர் கார்த்தி: எங்கள் மொபைல் கேமில் மெமரிதான் இடித்தது. அதனால் மோஷன் மேட்சிங்கையே விட்டுவிட்டோம்.

மீரா: குணா கேட்டது மெமரி பற்றி இல்லை, கார்த்தி. இருந்தாலும் சொல்கிறேன்: வினாடிக்கு 30 ஃபிரேம், 10 நிமிடப் பதிவு என்றால் 18,000 ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் 27 எண் வைத்துத் தேடினாலும் தேடல் பட்டியல் 2 எம்பிதான். இடத்தை அடைப்பது முழு போஸ்கள்.

சுந்தர் டிசைனர்: மீரா அக்கா, ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஆடுபவருக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். பட்டன் அழுத்தியதும் திரும்ப வேண்டும், அதுதான் முதலில். முனைத் திருப்பத்துக்குக் கையால் ஒரு கிளிப் செய்து ஸ்டேட் மெஷினில் வைப்பது மேல்.

மீரா: வைக்கலாம் தம்பி. ஆனால் இடது கால் ஊன்றியிருக்கும்போது ஒரு கிளிப், வலது காலுக்கு ஒன்று, மெதுவோட்டத்துக்கு ஒன்று என்று பெருகும். காலை ஊன்றித் திரும்பும் ஓட்டத்தைப் பல வேகத்தில் பதிவு செய்து போட்டால் தேடலே சரியானதை எடுத்துக்கொள்ளும். இடதுபக்கத் திருப்பம் மட்டும் இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி வலதுக்கும் வைக்கலாம்.

குணா: பார்த்தேன். தாவிய பிறகும் வழுக்குகிறது, கோடுகளும் முனையில் பிரிகின்றன. எங்கள் பதிவில் வளைந்து திரும்பும் ஓட்டம் மட்டும்தான் இருக்கிறது, ஊன்றித் திரும்புவது ஒன்றுகூட இல்லை.

சுந்தர் டிசைனர்: பதிவு செய்யுங்கள், குணா. ஸ்பிரிங்கை மட்டும் ஆடிப் பார்க்கிறவர்களிடம் கேட்காமல் தளர்த்தாதீர்கள்.