பயிற்சியின் கடைசி நாளில் சான்றிதழும் பரிந்துரையும் கேட்பது

ஆரையூராள்:
உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவின் பயிற்சிக்காக மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பெப்ரவரி 3ஆம் திகதி சேர்ந்தேன். வருகின்ற வெள்ளிக்கிழமை, ஓகஸ்ட் 1, எனக்குக் கடைசி நாள். பயிற்சி நிறைவுச் சான்றிதழையும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைப்பதற்குச் சிறிய பரிந்துரை ஒன்றையும் அன்றைக்குக் கேட்கலாமா, அது மரியாதைக் குறைவாகுமா? யாரிடம், எப்படிக் கேட்பது?

வாவிக்கரை:
கடைசி நாளில் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு தனியார் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்துகொண்டு சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குக் கேக் பெட்டியோடு விடைபெற வரும் பயிலுநர் அதே மூச்சில் சான்றிதழும் கேட்டால், அது அவசரத்தில் தட்டச்சாகும், பெயரில் எழுத்துப் பிழை வரும், கையொப்பமிட வேண்டியவரோ அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். பரிந்துரையின் நிலை இன்னும் மோசமானது. விடைபெறும் நேரத்தில் முகத்தைப் பார்த்துக் கேட்டால் மறுக்க எவருக்கும் மனம் வராது. அப்படி எழுதப்படும் கடிதத்தில் "கடின உழைப்பாளி, நல்ல பழக்கமுள்ளவர்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது சான்றிதழை மட்டும் கேளுங்கள், பரிந்துரையை விட்டுவிடுங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
பயிற்சி முடிவில் நிறுவனம் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தைத்தான் தங்கச்சி கேட்கிறார் என்று விளங்கிக்கொள்கிறேன். அதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை; அது அவர்களுடைய கடமை. தினக்குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் மேற்பார்வையாளர் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று இன்றே புரட்டிப் பாருங்கள், ஏனெனில் விடுபட்ட வாரங்களைப் பின்னர் நிரப்புவது பெரும்பாடு. படிவமும் குறிப்பேடும் கல்லூரிக்குப் போய்விட்டால், தனியாக ஒரு சான்றிதழ் தேவைப்படாது.

கணக்கறை:
ஆசிரியர் குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் கடைசி வசனத்தில் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பீட்டுப் படிவம் பெரும்பாலும் உறையிலிட்டுக் கல்லூரிக்குப் போகும். அது புள்ளி வழங்குவதற்கானது, பிள்ளையின் கையில் மிஞ்சுவதில்லை. அடுத்த ஆண்டு ஒரு நேர்முகத் தேர்வில் "ஆறு மாதம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அலுவலகத்தின் கடிதத் தலைப்பில் ஒரு தாள் வேண்டும்.

நான் பல ஆண்டுகளாகப் பயிலுநர்களுக்கு இத்தகைய கடிதங்களைத் தயாரித்து வருகிறேன். கோரிக்கைகள் இழுபடுவதற்கு நான் கண்ட முதற் காரணம், இரண்டு வேறு பொருள்களை ஒரே கடிதமாகக் கேட்பதுதான். நிறைவுச் சான்றிதழ் நிறுவனம் தருவது. இன்னார், இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை, இன்ன பிரிவில் பயிற்சி பெற்றார் என்பதை மட்டும் அது சொல்கிறது. அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை, ஆகவே பயிற்சியை முடித்தவர் அதைத் தயங்காமல் கேட்கலாம். பரிந்துரை அப்படியல்ல. உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர் தம் பெயரை முன்வைத்துச் சொல்லும் அபிப்பிராயம் அது. அவர் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். இரண்டையும் ஒரே தாளில் கேட்டால், அபிப்பிராயம் சொல்லத் தயங்குகிறவருடைய மேசையில் உங்கள் சான்றிதழும் சேர்ந்து கிடக்கும்.

திகதியைப் பற்றி வாவிக்கரை அண்ணா ஒன்றைக் கவனிக்கவில்லை. "நிறைவு செய்தார்" என்று எழுதும் கடிதத்துக்கு, நிறைவு செய்வதற்கு முன்னுள்ள திகதியைப் போட முடியாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கடைசி நாளில் அதைக் கையில் வாங்குவதுதான் முறை. முன்கூட்டியே செய்ய வேண்டியது, விபரங்களைக் கொடுத்து வைப்பது. திங்கட்கிழமை ஒரு தாளில் தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறே முழுப் பெயர், அட்டை இலக்கம், கல்லூரிப் பதிவிலக்கம், பயிற்சி தொடங்கிய, முடியும் திகதிகள், செய்த வேலைகளைச் சொல்லும் ஒரு வரி ஆகியவற்றைத் தட்டச்சிட்டுக் கொடுங்கள். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் பெயரின் ஆங்கில எழுத்துக்களையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் தந்தை பெயர் முன்னால் வருவதாலும், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவதாலும், திருத்தி மீண்டும் எடுக்க வேண்டி வந்த சான்றிதழ்கள் எத்தனையோ. வரவேற்பு மேசையில் இருப்பவர் காதால் கேட்டு எழுதினால் பிழை நிச்சயம்.

பாசிக்குடாப் பையன்:
என்னுடைய கதையைச் சொல்கிறேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சி பெற்றேன். வரவேற்புப் பகுதி, உணவு பரிமாறும் பகுதி, சமையலறை என்று மூன்று இடங்களிலும் மாறி மாறி நின்றேன். பருவம் முடிந்து வெள்ளைக்காரரின் வரத்துக் குறைந்த பிறகு எனக்குக் கடைசி நாள் வந்தது. முகாமையாளரிடம் நேரில் கேட்டேன். "தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்புவார்கள் தம்பி" என்றார். சில வாரத்தில் அவரே வேறிடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கொழும்பிலிருந்து பல மாதம் கழித்து வந்த தாளில் "ஹோட்டலில் பயிற்சி பெற்றார்" என்று மட்டும் இருந்தது, எந்தப் பகுதி என்று இல்லை. கட்டாரில் வேலைக்கு நேர்முகம் வைத்தவர்கள் கேட்டதெல்லாம் சமையலறையில் எத்தனை மாதம் நின்றேன் என்பதைத்தான். ஆகவே கையில் வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம் என்பதே என் கருத்து, அது கடைசி நாளோ முதல் நாளோ.

வாவிக்கரை:
ஹோட்டலின் கதை என் பக்கத்துக்கே சாட்சி. இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேட்டிருந்தால் தலைமை அலுவலகத்துக்குத் தம்பி இருக்கும்போதே கோரிக்கை போயிருக்கும். கணக்கறை சொல்லும் பிரிவினையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடைபெறும் நேரத்தில் பரிந்துரை கேட்பது நெருக்குதல் என்பதில் மாற்றமில்லை.

கணக்கறை:
எழுத்தில் கேட்பதை நானும் வலியுறுத்துகிறேன், ஒரு மின்னஞ்சலாவது இருக்க வேண்டும். ஆள் மாறினாலும் அது கோப்பில் நிற்கும். நெருக்குதல் என்ற குற்றச்சாட்டு கேட்கும் விதத்தைப் பொறுத்தது. தங்கச்சி, பரிந்துரையைப் பங்காளரிடம் கேட்க வேண்டாம். அவர் ஆறு மாதத்தில் உங்களோடு பேசிய பேச்சு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வேலைத்தாள்களைச் சரிபார்த்த சிரேஷ்ட உதவியாளர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் வியாழக்கிழமை தனியாக இருக்கும்போது இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, நான் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என் வேலையைப் பற்றி மூன்று நான்கு வரி எழுதித் தர உங்களுக்கு மனம் இருக்கிறதா? நேரமில்லை, அல்லது பொருத்தமில்லை என்று நினைத்தால் சொல்லிவிடுங்கள், நான் குறை நினைக்க மாட்டேன். அவசரமும் இல்லை, ஓகஸ்ட் மாதத்துக்குள் தந்தால் போதும்." மறுப்பதற்கு வழி விட்டுக் கேட்டால் அங்கே நெருக்குதல் இல்லை. அவர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அதையே மறுப்பாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி விடுங்கள். அரைமனதோடு எழுதிய கடிதம் உங்களுக்கு உதவாது.

அந்த மூன்று நான்கு வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். உங்களை அவர் எப்படி அறிவார், அவர் கண்ட ஒரு வேலை, பிறர் அவரைத் தொடர்புகொள்ளலாமா, இவ்வளவுதான். உதாரணமாக: "ஆறு மாதம் எனது மேற்பார்வையில் இருந்தார். ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் வேறுபாடு வந்தபோது, அதை வேறு கணக்கில் போட்டு மறைக்காமல் மூல ஆவணங்களைத் தேடி, இரண்டு முறை பதியப்பட்ட காசோலையைக் கண்டுபிடித்தார். இவரைப் பற்றி என்னிடம் விசாரிக்கலாம்." பத்துப் பாராட்டுச் சொற்களைவிட வேலை கொடுப்பவர் இந்த ஒரு சம்பவத்தைத்தான் நின்று வாசிப்பார். ஆனால் வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் ஓரிடத்திலும் வரக்கூடாது. கணக்காய்வு அலுவலகத்தில் பார்த்த கணக்கை வெளியே சொன்னவர் என்று அடுத்த அலுவலகம் உங்களையே சந்தேகிக்கும்.

இன்னொன்று, அவர் அலுவலகக் கடிதத் தலைப்பில் எழுதுவதானால் பங்காளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் தம் பெயரில், தம் பதவியைக் குறிப்பிட்டு, சாதாரண தாளில் எழுதலாம்.

வாவிக்கரை:
நடைமுறையில் அந்தச் சிரேஷ்ட உதவியாளர் "நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், நான் கையொப்பமிடுகிறேன்" என்றுதான் சொல்வார். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் பலமுறை கையொப்பமிட்டிருக்கிறேன். ஆகவே தங்கச்சி ஒரு வரைவைத் தயாராக வைத்திருக்கட்டும்.

கணக்கறை:
செய்கிறார்கள் என்பது உண்மை, ஆனாலும் எனக்கு உவப்பில்லை. வரைவுக்குப் பதிலாக, நீங்கள் செய்த வேலைகளை நினைவூட்டும் குறிப்புகளைக் கொடுங்கள். வசனம் அவருடையதாக இருக்கட்டும். ஒரே பயிலுநர் எழுதிய விண்ணப்பக் கடிதமும் பரிந்துரையும் ஒரே நடையில் இருந்தால், வாசிப்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்.

வாவிக்கரை:
மூன்று வரியில் என்ன நடை, ஐயா? குறிப்புகளை வைத்துக்கொண்டு எழுத நேரமில்லாதவர் எழுதவே மாட்டார். வராத நல்ல கடிதத்தைவிட வந்த சுமாரான கடிதம் மேல்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
நான் படிவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், தங்கச்சி கேட்டது வேறு என்று இப்போது தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இடையில் பரீட்சைக்காக விடுமுறை எடுத்திருந்தால் சான்றிதழில் அந்த நாட்களைக் கழித்து எழுதுவார்களா?

கணக்கறை:
சான்றிதழில் தொடக்கமும் முடிவும் மட்டுமே வரும், ஆசிரியர் அவர்களே. வந்த நாட்களின் எண்ணிக்கையைக் கல்லூரி கேட்டால், வரவுப் பதிவேட்டைப் பார்த்து அதை வேறு கடிதத்தில் உறுதிப்படுத்துவோம்.

ஆரையூராள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று விபரத் தாளைக் கொடுத்தேன். பங்காளர் வியாழன் கொழும்புக்குப் போய்ச் செவ்வாய்க்கிழமைதான் திரும்புவாராம். அலுவலகத்து அக்கா, புதன்கிழமையே ஓகஸ்ட் 1 என்று திகதியிட்டுக் கையொப்பம் வாங்கி வைக்கலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

வாவிக்கரை:
சம்மதியுங்கள். இரண்டு நாள் வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பாசிக்குடாத் தம்பிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

கணக்கறை:
வேண்டாம். ஓகஸ்ட் 5ஆம் திகதி, அதாவது செவ்வாய்க்கிழமை, அன்றைய திகதியோடு கையொப்பமிடட்டும். பயிற்சி ஓகஸ்ட் 1இல் முடிந்தது என்பது கடிதத்தின் உள்ளே இருக்கிறது, நான்கு நாள் பிந்திய திகதியால் அதற்கு ஒரு குறையும் வராது. வெள்ளிக்கிழமை கோப்புகள், மடிக்கணினி, பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பம் வாங்குங்கள். "சான்றிதழைப் பெற 5ஆம் திகதி மாலை வருகிறேன்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி நீங்களே போய் வாங்குங்கள், தபாலுக்கு விட வேண்டாம். தாளைக் கையில் எடுத்ததும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முத்திரையையும் அங்கேயே பாருங்கள்.

பாசிக்குடாப் பையன்:
எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அக்கா.