கரோசலின் நடுவே வரும் மாற்று வில்லைக்கு ஒரு பெயர் தேவை

ச.: அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் தயாரிப்போருக்காக ஒரு கையேடு எழுதிவருகிறேன். பல படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் கரோசல் பதிவில் நான்கைந்து வில்லைகள், அதாவது ஸ்லைடுகள், ஒரே அமைப்பில் வந்துவிட்டால், தலைப்பு எங்கே இருக்கும், கீழே எத்தனை வரி வரும் என்பது வாசகரின் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அதன்பின் அவர் படிக்காமலே தள்ளுகிறார், அல்லது விலகிவிடுகிறார். அந்தக் கவனத்தை மீட்பதற்காகப் பாதிவழியில் வேண்டுமென்றே வேறு தோற்றத்தில் வைக்கும் வில்லையைப் ‘பேட்டர்ன் பிரேக்’ என்கிறார்கள். இதை ‘இடைவேளை வில்லை’ எனலாமா?

மு.: எங்கள் கடையின் இணையதள முகப்பில் ஐந்து படங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும். நடுப்படத்தை மட்டும் சிவப்பாக்கிப் பார்த்தோம். ஒரு பயனும் தெரியவில்லை. பயனில்லாத ஒன்றுக்குக் கலைச்சொல் வேண்டுமா என்பது என் ஐயம்.

கா.: மு. ஐயா குறிப்பிடுவது தானாகச் சுழலும் பதாகை. அதைப் பார்ப்பவர் எந்த வரிசையையும் பின்தொடர்ந்து வருவதில்லை. ஆகவே அங்கே முறிப்பதற்கு ஒரு பழக்கமே உருவாகியிருக்காது. ச. கேட்பது, வாசகர் தம் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவரும் தொடரைப் பற்றி.

‘இடைவேளை’ பாதி பொருந்துகிறது. இடம் நடுவில் என்பதை அது சொல்கிறது. ஆனால் இடைவேளையில் மக்கள் எழுந்து வெளியே போவார்கள், நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. உணவுப் பொட்டலத்தின் லேபிளைப் படிப்பது எப்படி என்ற பத்து வில்லைத் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் வில்லை முகப்பு அட்டை. இரண்டு முதல் ஐந்து வரை வெளிர்நிறப் பின்னணி, மேலே தலைப்பு, கீழே மூன்று வரி. ஆறாவதில் அடர்நிறப் பின்னணியில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் மூலப்பொருள் பட்டியலை மட்டும் பெரிதாகக் காட்டி, ‘இதில் மிக அதிகமாக இருப்பது எது?’ என்று கேட்கிறோம். ஏழாவது வில்லை பழைய அமைப்புக்குத் திரும்பி, எடையில் அதிகமானதே பட்டியலில் முதலில் வரவேண்டும் என்ற விதியைச் சொல்கிறது. வாசகர் ஆறாவதில் நின்று தாமே தேடுகிறார். விடைக்காக ஏழாவதற்குப் போகிறார். நிறத்தை மட்டும் மாற்றியிருந்தால் கண் ஒரு கணம் நிற்கும், விரல் பழையபடியே தள்ளும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை, அந்த வில்லையை முற்றிலும் அந்நியமாக்கிவிடுவது. அப்போது வாசகர் அதை விளம்பரம் என்றோ தொடரின் முடிவு என்றோ எண்ணி விலகுகிறார். ஆகவே பக்க எண், எழுத்துரு, ஓரத்தில் ஓடும் கோடு ஆகியவற்றில் ஒன்றேனும் மாறாமல் இருக்கவேண்டும். இப்பிழை நேர்ந்திருக்கிறதா என்று அறிய, ஒரு கேள்வியை முற்பாதியிலும் இன்னொன்றைக் கடைசி வில்லையிலும் வைத்து, பின்னூட்டங்களில் எதற்கு விடை வருகிறது என்று நான் பார்ப்பேன். முன்னதற்கு மட்டுமே வந்தால் நடுவில் ஆட்களை இழந்திருக்கிறோம் என்று ஐயுறலாம். அது துல்லியமான அளவீடு அன்று. கேள்விகளின் கடினமும் விடைகளை மாற்றும்.

இ.: யாப்பில் ஓசை முறிவதைத் தளை தட்டுதல் என்கிறோம். ‘தளைமுறி வில்லை’ என்றால் சுருக்கமாகவும் மரபோடு ஒட்டியும் இருக்குமே.

கா.: தளை தட்டுவது வெண்பாவில் குற்றம், அம்மா. கற்போர் இந்த வில்லையையும் தவறென்றே எண்ணக்கூடும்.

வே.: மிருதங்கம் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தனி ஆவர்த்தனத்தில், நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவே மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாறுவார். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் கையில் போடும் தாளம் மாறாது, பிறகு பழைய நடைக்குத் திரும்பவும் முடியும். கா. சொல்லும் பக்க எண்தான் இங்கே தாளம். ‘நடைமாற்று வில்லை’ என்று வைக்கலாமே.

கா.: மாற்றம், தொடர்ச்சி, திரும்புதல் ஆகிய மூன்றையும் இச்சொல் தாங்குகிறது. எனக்கு உடன்பாடு.

இ.: எனக்கு முழு உடன்பாடு இல்லை. எழுத்துலகில் நடை என்றால் உரைநடைதான் முதலில் நினைவுக்கு வரும். வாக்கிய நடையை மாற்றினால் போதும் என்று யாரேனும் படித்துவிடுவார்கள்.

ச.: இரு தரப்புக்கும் நன்றி. ‘நடைமாற்று வில்லை’ என்று எழுதி, இ. அம்மாவின் எச்சரிக்கையை முதல் பயன்பாட்டிலேயே ஒரு வாக்கியமாகச் சேர்க்கிறேன். இன்னொரு கேள்வி மீதமிருக்கிறது. 2024 முதல் ஒரு பதிவில் இருபது வில்லைகள் வரை வைக்க முடிகிறது. அத்தனை நீளத்தில் இரண்டு இடங்களில் நடையை மாற்றினால், இரண்டாவது மாற்றத்தையும் வாசகர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவாரா? கா. இதைச் செய்து பார்த்திருந்தால் எழுதுமாறு வேண்டுகிறேன்.