புதுப்பிப்பு: அம்மாவோட எலும்பு ஸ்கேன்

முன்னாடி கேட்டது: “அம்மாவுக்கு 61 வயசு, டி-ஸ்கோர் முதுகு -0.9, இடுப்பு -2.1, எதை நம்புறது?”

சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போ போய் ஸ்பெஷலிஸ்ட்டப் பாத்தாச்சு. ரெண்டுல குறைஞ்சதத்தான் எடுத்துக்கணுமாம், ஏன்னா வயசானா முதுகெலும்பு தேய்ஞ்சு ஓரத்துல எலும்பு முளைக்கும், அதையும் மெஷின் சேத்து எண்ணி நல்லா இருக்குற மாதிரி காட்டிடும்னாரு. இளவயசுப் பொம்பள எலும்போட ஒப்பிட்டு வர்ற நம்பர்தான் டி-ஸ்கோர், -1க்கும் -2.5க்கும் நடுவுல இருந்தா ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைஞ்ச நிலை.

கால்சியம் மாத்திரை போதும்னு சொன்ன அக்கா, பாதி சரி, ஆனா நம்பர மட்டும் பாத்து மருந்து முடிவு பண்ண மாட்டாங்களாம். அம்மா மாதவிடாய் நின்னப்புறம் பால்வெட்டுல சும்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சத சொன்னதும் டாக்டர் நிமிந்து உக்காந்துட்டாரு, அதான் பெரிய விஷயமாம். உயரமும் குறைஞ்சிருக்கு, அதனால முதுகு எக்ஸ்ரே எழுதிக் குடுத்திருக்காரு, மருந்து அதுக்கப்புறம்தான்.

குதிகால் மெஷின்ல நார்மல்னு வந்த அண்ணே, அது வேற டெஸ்ட்டு லா, இந்த நம்பரோட ஒப்பிட முடியாது.