புதுப்பிப்பு: வாசிப்பு வட்டத்தின் வருகைக் கணக்கு

நான் கேட்டிருந்தது: "வர்ற ஒவ்வொருத்தருக்கும் தாள்ல ஒரு கோடு போட்டுத்தான் எண்றோம். மாத மொத்தம் கூடியிருக்கு, ஆனா கூடம் காலியாத் தெரியுதே, ஏன்?"

ஓய்வுபெற்ற நூலகர் அக்கா தாளைப் பார்த்ததும், "இந்த மாசம் எத்தனை சனிக்கிழமை?"ன்னு கேட்டாங்க. போன மாசம் 4 கூட்டம், 92 கோடு, சராசரி 23. இந்த மாசம் 5 கூட்டம், 100 கோடு, சராசரி 20தான். இனி மாதச் சுருக்கத்துல சராசரிதான் முதல் வரி.

பெயர்ப் பதிவேடு வைக்கச் சொன்ன தம்பி சொன்னதும் பாதி சரி. மாசத்துல எத்தனை தனி ஆட்கள் வந்தாங்கன்னு கோடு சொல்லாது. ஆனா கையெழுத்துன்னதும் புதுசா வர்றவங்க வாசல்லயே தயங்குறாங்க. அன்னதானத்துல இலையை எண்ணுவோம்னார் ஒரு அண்ணன், அது பந்திக்குச் சரி, வாசிப்பு வட்டத்துக்கு ஒத்துவராது. தாமதமா வர்றவங்களுக்குத் தாள்ல தனி வரி போட்டாச்சு. பாதியில கிளம்புறவங்களை எப்படி எண்றதுன்னு இன்னும் முடிவாகல.