கோலப் போட்டி பேனரில் இடம் மாறிய கொம்பு

சுதா: பொங்கல் பேனர் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். போனில் "கோலப் போட்டி" என்று சரியாகத்தான் அடித்தேன். போட்டோஷாப்பில் ஒட்டியதும் எழுத்தெல்லாம் சிதறிவிட்டது 😩

முரளி: ஃபாண்ட் கோளாறு. பாமினி போடு. எங்கள் கல்யாணப் பத்திரிகையே அதில்தான் அடித்தோம்.

சுதா: போட்டேன் அண்ணா, கட்டம் கட்டமாக வருகிறது.

செல்வி பாட்டி: எனக்கும் ஒரு வாரமாக எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ?

கதிரேசன் மாமா: பாட்டி, அது வேறு. மாலையில் வந்து பார்க்கிறேன்.

சுதா, 'கோ'வைப் பார். இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் நிற்கிறது. போனும் கணினியும் எழுத்தைப் பதியும் பொது முறையான யூனிகோடில் க முதலில், ோ அடுத்து என்றுதான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. உன்னுடையது பழைய போட்டோஷாப், அந்த வசதி அதில் அணைந்து கிடக்கிறது.

முரளி: அப்படியானால் பாமினியில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

கதிரேசன் மாமா: அதில் கொம்பை நாமே முதலில் அடிப்போம், அதனால் சிதறாது. ஆனால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. `jkpo;` என்று அடித்தால்தான் 'தமிழ்' என்று தெரியும். சுதா போனில் அடித்தது யூனிகோடு, அதற்குப் பாமினி உதவாது.

சுதா: சரி மாமா, எதை மாற்ற வேண்டும்?

கதிரேசன் மாமா: Preferences > Type-க்குள் போய் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடு. அதைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் Middle Eastern and South Asian என்று இருக்கும். அப்புறம் மூடித் திறந்து, புதுக் கோப்பில் எழுத்தை மறுபடி ஒட்டு. பழைய லேயர் பழையபடியே நிற்கும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபாண்ட் Noto Sans Tamil அல்லது Mukta Malar வை.

சுதா: கொம்பு முன்னால் வந்துவிட்டது! 🙏 ஆனால் கொம்புக்கும் க-வுக்கும் நடுவில் இடைவெளி. அடுத்த வரியின் 'கீ' வேறு மேல்வரி 'மூ'வை இடிக்கிறது.

கதிரேசன் மாமா: தலைப்பு அகலமாகத் தெரிய எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை, அதாவது Tracking-ஐ, கூட்டியிருப்பாய். தமிழுக்கு அது 0-விலேயே இருக்கட்டும். இடிப்பது வரி இடைவெளி. எழுத்து 60 என்றால் Leading தானாக 72 எடுக்கும். 84 வைத்துப் பார்.

சுதா: இரண்டும் சரியாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் கடைக்கு பிஎஸ்டி அனுப்பிவிடவா?

கதிரேசன் மாமா: அனுப்பாதே. அவர்களிடம் இந்த ஃபாண்ட் இல்லையென்றால் மறுபடி சிதறும். லேயரை ரைட் கிளிக் செய்து Convert to Shape கொடு, எழுத்து படமாகிவிடும். அதன் பிறகு பிழை திருத்த முடியாது, எனவே மூலக் கோப்பைத் தனியாக வை.

முரளி: அப்போது என் பழைய பாமினி கோப்புகளை என்ன செய்வது?

கதிரேசன் மாமா: யூனிகோடுக்கு மாற்றும் கருவி இருக்கிறது. நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழாக்கிக் குதறிவிடும், அதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சுதா: ஐயோ மாமா, Shape ஆக்கிய பிறகு பார்க்கிறேன், 'பரிசு' என்பது 'பரிசி' என்று இருக்கிறது 🤦‍♀️